கரும்புக்காட்டுக் கிழவரும் உப்புத்தாள் தோலும்

அவர் வந்தது கைக்காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள. வேலிக் கம்பி கிழித்த காயம். கட்டுப் போட்டு முடித்துக் கையுறையைக் கழற்றிய பிறகு, ஒட்டுப்பட்டையின் ஓரத்தை அழுத்திவிடுவதற்காக அவர் புறங்கையை என் கையில் ஏந்தினேன். காயத்தைச் சுற்றி எதுவும் தெரியவில்லை. வயதான வெள்ளைக்காரரின் தோலில் வழக்கமாக இருக்கும் பழுப்புப் புள்ளிகளும் சுருக்கமும்தான். ஆனால் என் விரல் எதிலோ உராய்ந்தது. தச்சுப்பட்டறையில் மரத்தைத் தேய்க்க வைத்திருக்கும் உப்புத்தாளின் மேல் விரலை ஓட்டியதுபோல ஒரு சொரசொரப்பு. ஓர் அங்குலம் தள்ளி இன்னொன்று. மணிக்கட்டுக்கு மேலே மூன்றாவது.

"இது எவ்வளவு நாளாக?" என்று கேட்டேன்.

"எது?" என்றார். அவருக்குத் தெரியவே இல்லை. பிறகு யோசித்து, "தலை துவட்டும்போது துண்டு சிக்கும், மேட். அதைச் சொல்கிறாயா?" என்றார். ஆஸ்திரேலியர் நண்பனை அழைக்கும் சொல் அது. அவருக்கு எல்லாரும் மேட்தான். டாக்டரும் மேட், நானும் மேட், அவர் நாயும் மேட்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், டவுன்ஸ்வில் நகருக்குத் தெற்கே பர்டெக்கின் ஆற்றுப் பாசனத்தில் கரும்பு விளையும் ஊர்களில் ஒன்றில் ஒரு சிறிய மருத்துவமனையில் நான் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இந்தச் சொரசொரப்பைப் பற்றி ஊரில் படிக்கும்போது பாடப்புத்தகத்தில் இரண்டு வரி வாசித்ததோடு சரி, நேரில் பார்த்ததில்லை. இங்கே வந்த பிறகு இது இல்லாத கிழவரைப் பார்ப்பதுதான் அரிது. மருத்துவப் பெயர் ஆக்டினிக் கெரட்டோசிஸ். இங்கே பேச்சு வழக்கில் 'சன் ஸ்பாட்' என்பார்கள். வெயில் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

இவருக்கு எப்படி வந்தது என்பதை அவர் வாழ்க்கையே சொல்லும். 1944இல் பிறந்தவர். பதினாறு வயதில் கரும்பு வெட்டப் போயிருக்கிறார். அப்போது இங்கே கரும்பைக் கையால்தான் வெட்டினார்கள். முதலில் தோட்டத்துக்குத் தீ வைத்துத் தோகையை எரிப்பார்கள். அப்புறம் கரி படிந்த கரும்புக்குள் அரைக்கால் சட்டையோடு, மேலே ஒன்றும் இல்லாமல் இறங்குவார்கள். அறுவடை எந்திரம் வந்த பிறகு டிராக்டர். அந்தக் காலத்து டிராக்டருக்குக் கூரை கிடையாது. சட்டை போடு, கிரீம் பூசு, தொப்பி வை என்று பாட்டுப் பாடும் கடற்பறவையை வைத்துப் புற்றுநோய் அமைப்பு விளம்பரம் செய்யத் தொடங்கியது 1981இல். அப்போது இவருக்கு வயது முப்பத்தேழு. இருபது ஆண்டு வெயில் அதற்குள் உள்ளே போய்விட்டது. முப்பத்தைந்தில் முடி கொட்டத் தொடங்கியதால் உச்சந்தலைக்கும் பங்கு கிடைத்தது.

வெயிலில் இருக்கும் புறஊதாக் கதிர், தோலின் அடியடுக்கில் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களின் மரபுப்பொருளில் கீறல் விழ வைக்கிறது. பெரும்பாலான கீறல்களை உடம்பே சரிசெய்துவிடும். சில தங்கிவிடும். கெட்டுப்போன செல்லைத் தற்கொலை செய்யச் சொல்லும் பி53 என்ற மரபணுவே சேதமானால், அந்தச் செல் சாகாமல் தன் வாரிசுகளைப் பெருக்கத் தொடங்கும். அவை ஒழுங்காக முதிர்வதில்லை. மேலே வந்ததும் உதிர வேண்டிய செதில், உதிராமல் அடுக்கடுக்காகச் சேரும். என் விரலில் தட்டியது அந்த அடுக்குத்தான். செதில் சேர்ந்த அளவுக்கு நிறம் மாறுவதில்லை என்பதால் கண்ணுக்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

அன்று டாக்டர் வந்து பார்த்தார் என்பதைவிடத் தடவினார் என்பதே சரி. கண்ணை ஏறக்குறைய மூடிக்கொண்டு நெற்றி, கன்னப்பொட்டு, காதின் மேல்விளிம்பு, உச்சந்தலை, புறங்கைகள் என்று விரல்நுனியால் போனார். கீழுதட்டைத் தனியாகப் பார்த்தார். முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டார். வலப்பக்கம் அதிகமாக இருந்தது. இங்கே ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவார். ஐம்பது ஆண்டுகளாக வலது முழங்கையை வண்டி ஜன்னலுக்கு வெளியே வைத்து ஓட்டியவர் இவர்.

"புற்றுநோயா?" என்று கேட்டார் கிழவர்.

இந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. விக்டோரியா மாநிலத்தின் மேரிபரோ என்ற ஊரில் 1980களில் நாற்பது வயதைத் தாண்டிய 1,689 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வெயில் புள்ளி ஓர் ஆண்டில் புற்றாக மாறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று தெரிந்தது. நான்கில் ஒன்று ஓராண்டுக்குள் தானாகவே மறைந்தும் போனது. இதைக் கேட்டால் சும்மா விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அதே ஆய்வில், செதிள் செல் புற்று என்ற தோல் புற்று வந்த இடங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வெயில் புள்ளி இருந்த இடம்தான் என்றும் தெரிந்தது. ஒரு புள்ளியைப் பொறுத்தவரை ஆபத்து சொற்பம். ஒருவருக்கு முப்பது புள்ளிகள், பத்து இருபது ஆண்டுகள் என்றால் கணக்கு வேறு. அதிலும் எந்தப் புள்ளி மாறப் போகிறது என்பதை முன்கூட்டியே சொல்ல யாராலும் முடியாது.

புறங்கையில் தடித்திருந்த மூன்றை டாக்டர் அன்றே திரவ நைட்ரஜனால் உறைய வைத்தார். மைனஸ் 196 டிகிரி. குழாய் முனையிலிருந்து புகைபோல் சீறி வரும். ஒரு புள்ளிக்கு ஐந்து முதல் பத்து விநாடி. தேள் கொட்டியதுபோல் கடுத்துவிட்டு, மறுநாள் கொப்புளமாகி, இரண்டு வாரத்தில் பொருக்கு விழும். அந்த இடம் சற்று வெளுத்துப்போகலாம். எண்ணிச் சொல்லக்கூடிய புள்ளிகளுக்கு இது போதும். உச்சந்தலையும் நெற்றியும் அப்படி இல்லை. அங்கே கைக்குத் தட்டுபவை போக இன்னும் பல தோலுக்குள் முளைவிட்டுக் கிடக்கும். களை மண்டிய வயலில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாளாது. அதற்குத்தான் கிரீம். ஃபுளோரோயூராசில் ஐந்து சதவீதம், காலையும் மாலையும், உச்சந்தலைக்கு நான்கு வாரம்.

இங்கேதான் நான் தவறு செய்தேன்.

2017ஆம் ஆண்டு, ஜூன் மாதம். அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து, "இதில் எல்லாம் இருக்கிறது, சிவக்கும், பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெளியே பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் எட்டாவது நாளே நிறுத்திவிட்டார். எங்களிடம் சொல்லவும் இல்லை. ஒவ்வாமை என்று அவரே முடிவு செய்து, கிரீமைக் குளியலறை அலமாரிக்குள் போட்டுவிட்டார். அடுத்த ஆண்டு அவர் மனைவி ரத்த அழுத்தம் பார்க்க வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். "தலை முழுக்கத் தீப்பிடித்ததுபோல் ஆகிவிட்டது. இல்லாத இடத்திலெல்லாம் வந்துவிட்டது. அந்த மருந்துதான் நோயைப் பரப்பியது என்கிறார்."

மருந்து சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. இந்த மருந்து, வேகமாகப் பிரியும் செல்கள் மரபுப்பொருளைப் படியெடுக்க விடாமல் தடுக்கிறது. நல்ல தோலில் அவ்வளவாக எதுவும் நடக்காது. கெட்ட செல்கள் உள்ள இடம் மட்டும் சிவந்து, புண்ணாகி, உதிரும். அதனால் கையில் தட்டாமல் மறைந்திருந்த இடங்களும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். பூசியவருக்கு அது புதிதாக முளைத்தது போலத் தெரியும். அசிங்கமாக ஆவதுதான் மருந்தின் வழி என்பதை நாள் கணக்கோடு முன்பே சொல்லாவிட்டால், புத்தியுள்ள எவரும் எட்டாம் நாள் நிறுத்தத்தான் செய்வார்.

2018 ஜூனில் இரண்டாம் முறை தொடங்கினோம். ஜூன், ஜூலை இங்கே குளிர்காலம். வெயில் குறைவு, வியர்வை குறைவு. கிரீம் பூசிய தோலில் வெயில் பட்டால் எரிச்சல் பல மடங்காகும் என்பதால் இந்த மாதங்கள்தான் தோது. இந்த முறை அவரையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைத்தேன். முதலில் நாள்காட்டியைத்தான் எடுத்தேன். அடுத்த இரண்டு மாதத்தில் கல்யாணம், புகைப்படம் எடுக்கும் விசேஷம் ஏதாவது உண்டா? பேத்தியின் பிறந்தநாள் ஆகஸ்ட் கடைசியில். சரி, அதற்குள் ஆறிவிடும்.

பிறகு ஒவ்வொரு வாரத்துக்கும் எப்படி இருக்கும் என்று சொன்னேன். முதல் நான்கைந்து நாள் ஒன்றுமே தெரியாது, மருந்து வேலை செய்யவில்லை என்று அள்ளிப் பூசக் கூடாது. அப்புறம் இளஞ்சிவப்பு. பத்தாம் நாள் வாக்கில் செக்கச்செவேல், எரிச்சல். இரண்டாம் வாரக் கடைசியில் பொருக்கும் கசிவும். மூன்றாம் வாரம்தான் உச்சம், கண்ணாடி பார்க்க மனம் வராது. நிறுத்திய பிறகு ஆற இரண்டு முதல் நான்கு வாரம். முந்தைய ஆண்டு எட்டாம் நாளில் எடுத்த முடிவை நினைவில் வைத்து, "எட்டாம் நாள் நானே கூப்பிடுகிறேன்" என்றேன்.

பூசுவதிலும் சில விஷயங்கள் உண்டு. முகத்தையோ தலையையோ கழுவி, துடைத்துக் காய்ந்த பிறகு மெல்லிய படலமாக. ஒரு தடவைக்கு ஒரு பகுதிதான். தலையையும் இரு கைகளையும் சேர்த்து ஒரே மாதத்தில் செய்ய டாக்டர் விடவில்லை. கண்ணுக்கு அருகே, மூக்கு மடிப்பில், வாயோரத்தில் போகக் கூடாது. அங்கே கிரீம் தேங்கிப் பொத்துப்போகும். உச்சியின் பின்பக்கம் அவருக்கு எட்டாது என்பதால் மனைவி கையுறை போட்டுக்கொண்டு பூசினார். பொருக்கு இறுகினால் வெறும் வாஸலின். நகத்தால் உரிப்பது கூடாது. சீழ் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அது மருந்தின் வேலையல்ல, கிருமி. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு என்று உடம்பின் மற்ற இடங்களில் ஏதாவது ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குச் சிறிதளவும் விஷமாகலாம்.

எல்லாம் சொல்லி முடித்து எழும்போது மனைவி சிரித்துக்கொண்டே, "நாய்க்குத்தான் கொண்டாட்டம், இவர் தலையை நக்கிக்கொண்டே தூங்கும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்தக் கிரீம் நாய்க்கும் பூனைக்கும் கொடிய விஷம். குழாயைக் கடித்தாலோ பூசிய தோலை நக்கினாலோ வலிப்பு வந்து சில மணி நேரத்தில் செத்துப்போன நாய்கள் உண்டு. அதுவரை இதை நான் யாரிடமும் கேட்டதில்லை. இன்று கிரீம் எழுதிக்கொடுத்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி வீட்டில் நாய் இருக்கிறதா என்பதுதான். நாய் வராந்தாவுக்குப் போனது. தலையணை உறை தனியாகத் துவைக்கப்பட்டது. கிரீம் மேல் அலமாரிக்கு ஏறியது.

எட்டாம் நாள் கூப்பிட்டேன். "தீப்பிடித்திருக்கிறது, மேட். நீ சொன்ன தேதியில்" என்றார்.

பதினேழாம் நாள் அவராகவே வந்தார். பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. உச்சந்தலை, நெற்றி முழுக்கப் பச்சை இறைச்சிபோல் திட்டுத்திட்டாக, நடுநடுவே பழுப்புப் பொருக்கு. டாக்டர் பார்த்துவிட்டு, தோல் மேல்மட்டத்தில் நன்றாகப் பொத்துவிட்டதால் இருபத்திரண்டாம் நாளோடு போதும் என்றார். நான்கு வாரம் என்பது கல்வெட்டு அல்ல. புண்ணாகும் கட்டத்தை எட்டிவிட்டதா என்பதுதான் அளவு. அதை வீட்டில் இருந்தபடி முடிவு செய்ய முடியாது என்பதால்தான் நடுவில் ஒரு முறை வரச் சொல்கிறோம்.

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் வந்தபோது தலை குழந்தைத் தலைபோல் வழவழவென்று இருந்தது. இளஞ்சிவப்பாக, மெல்லியதாக. தடவிப் பார்த்துவிட்டு நானே மகிழ்ந்துபோனேன். அப்போதுதான் வலது பொட்டுக்கு மேலே, முடி தொடங்கும் ஓரத்தில், ஒன்று தட்டியது.

பட்டாணி அளவுகூட இல்லை. ஆனால் இது உப்புத்தாள் போல இல்லை. மேலே செதில், அடியில் கெட்டி. இரு விரலால் மெதுவாகப் பிடித்தால் தோலுக்குள் ஒரு சிறு விதை இருப்பதுபோல் பிடிபட்டது. பிடித்ததும் முகம் சுளித்தார். வலிக்கிறது. வெயில் புள்ளி பொதுவாக இப்படி வலிக்காது. ஜூனில் முப்பதோடு முப்பத்தொன்றாக இருந்தபோது டாக்டரின் கைக்கே இது தனியாகத் தெரியவில்லை. சுற்றியிருந்த களை போன பிறகு தனித்து நின்றது. கிரீமின் உபயோகங்களில் பலர் சொல்லாத ஒன்று இது. எது போகவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

கிரீம் முடிந்து நான்கைந்து வாரம் கழித்தும் நிற்கிற எதற்கும் மறுபடி கிரீம் போடக் கூடாது, உறையவும் வைக்கக் கூடாது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் டாக்டரின் பிடிவாதம். மேலே பூசும் மருந்து மேலே இருப்பதை மட்டும் அழித்துவிட்டு, கீழே இறங்கிவிட்ட வேரை மூடிவைத்துவிடலாம். மரத்துப்போக ஊசி போட்டு நான்கு மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் ஒரு துண்டு எடுத்தார். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. செதிள் செல் புற்று, தொடக்க நிலை, ஆழம் குறைவு. சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டி எடுத்து, ஏழு தையல். விளிம்புகள் சுத்தம் என்று இரண்டாவது அறிக்கை சொன்னது. அரை மணி நேர வேலை. அவர் தானே வண்டி ஓட்டி வீட்டுக்குப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். தலையோடு காதுக்கு முன்னாலும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்று டாக்டர் அழுத்திப் பார்ப்பார். இந்தப் புற்று பரவினால் முதலில் அங்கேதான் போகும். காதிலும் கீழுதட்டிலும் வந்தால் பரவும் வாய்ப்பு கூடுதல். சிறுநீரகம் மாற்றிக்கொண்டு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல். அப்படிப்பட்டவர்களை நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறைகூட வரச் சொல்வதுண்டு.

எழுபத்து நான்கு வயதில் இனிச் சன்ஸ்கிரீன் பூசி என்ன பயன் என்று அவர் கேட்டார். பலரும் கேட்பதுதான். இதே குயின்ஸ்லாந்தில் நாம்பூர் என்ற ஊரில் 1992 முதல் 1996 வரை ஆயிரத்து அறுநூறு பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைத் தினமும் பூசச் சொன்னார்கள். தினமும் பூசியவர்களுக்குச் செதிள் செல் புற்று ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்தது. அவர்களில் நிறையப் பேர் பாதி வயதை வெயிலில் கழித்துவிட்டவர்கள்தான். புதுக் கீறல் விழாமல் இருந்தால் பழையதைச் சரிசெய்ய உடம்புக்கு அவகாசம் கிடைக்கிறது. அவரோ கிரீமைவிடத் தொப்பியைத்தான் ஏற்றுக்கொண்டார். முன்பு வைத்திருந்த கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் காக்கும், காதையும் பிடரியையும் வெயிலுக்குக் கொடுத்துவிடும். இப்போது சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி.

ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். நாற்பது ஆண்டு வெயிலில் கொத்து வேலை செய்தவர் அவர். அவர் கையில் காய்ப்பு உண்டு, இந்தச் சொரசொரப்பு கிடையாது. நம் தோலின் கருநிறம் கூரைபோல் காக்கிறது. நம்மவர் தலையில் செதில் உதிர்ந்தால் அது பொடுகாகவோ சொரியாசிஸாகவோதான் பெரும்பாலும் இருக்கும். மெழுகை ஒட்டிவைத்ததுபோல் முகத்தில் வரும் கரும்பருக்களும் வேறு, அவை புற்றாவதில்லை. நம்மில் இந்தப் புற்று வந்தால் பழைய தீக்காயத் தழும்பிலோ ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலோ வருவதைத்தான் கவனிக்க வேண்டும். ஆனால் அப்பா ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம தெருவில் வெள்ளையாகப் பிறந்த ஒருவன் இருந்தானே, கண்ணைச் சுருக்கிக்கொண்டே வயல் வேலைக்குப் போவான்?" என்று கேட்டார்.

நினைவிருந்தது. பிறவியிலேயே நிறமி இல்லாதவர். வெண்புள்ளி அல்ல, உடம்பு முழுக்க, முடி உட்பட. அவருக்கு அந்தக் கூரை இல்லை. கரும்புக்காட்டுக் கிழவருக்கு எழுபதில் வந்தது, அப்படிப் பிறந்தவர்களுக்கு நம்மூர் வெயிலில் இருபதுகளிலேயே வரும். அவர் காதோரம் எப்போதும் ஒரு புண் இருந்ததும், பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிய நாங்கள் அதைப் பார்த்து முகம் திருப்பியதும் நினைவுக்கு வந்தன. அந்தப் புண் என்னவாக இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்படி ஒருவர் உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ இருந்தால், முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். ஒரு மாதத்தில் ஆறாத புண் எதையும் தோல் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

2019 குளிர்காலத்தில் கிழவரின் கைகளுக்கு முறை வந்தது. புறங்கைத் தோலும் முன்கைத் தோலும் தடித்தவை, மருந்து மெதுவாக இறங்கும், ஆறு வாரம் ஆகலாம் என்று சொன்னேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஆறு வாரமா? நாய் இன்னும் போன வருஷத்து வராந்தாவையே மன்னிக்கவில்லை, மேட்" என்றார்.